வேலூரில் சலூன் பிராண்டு டீலர்ஷிப்: மார்ஜின், டார்கெட், ஏரியா பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

வேலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் சலூன், பியூட்டி பார்லர்களுக்கு ஹேர் கலர், டெவலப்பர், ஸ்மூத்தனிங் கிரீம், ஷாம்பூ போடுகிற தொழிலில் இருக்கிறேன். புதிதாக ஒரு பிராண்டு எடுக்க நினைப்பவர்கள் போன் செய்து கேட்பதெல்லாம் ஏறக்குறைய இந்தக் கேள்விகள்தான். நான் கையில் வாங்கிப் பார்த்த ஒரு ஆஃபர் லெட்டரை மாதிரியாக வைத்தே கணக்கு போட்டிருக்கிறேன். உங்கள் லெட்டரில் எண்கள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

அண்ணா, கம்பெனி ஆள் 16 பெர்சென்ட் மார்ஜின் என்கிறார். நல்ல மார்ஜின்தானே?

எதன் மேல் 16 என்று முதலில் கேளுங்கள். நீங்கள் 100 ரூபாய்க்கு வாங்கி சலூனுக்கு 116-க்குப் போட்டால் அது வாங்கின விலை மேல் 16. விற்கிற விலையில் பார்த்தால் அது 13.8 தான். சலூன் விலை மேல் 16 என்றால் 100 ரூபாய்ச் சரக்கு உங்களுக்கு 84-க்கு வர வேண்டும். மாதம் 6 லட்சம் விற்கிற இடத்தில் முதல் கணக்குப்படி கிடைப்பது சுமார் 82,700 ரூபாய், இரண்டாவது கணக்குப்படி 96,000. இந்த 13,000 ரூபாய் வித்தியாசத்தில் ஒரு டெலிவரி பையனுக்குச் சம்பளமே கொடுத்துவிடலாம்.

சிலர் எம்.ஆர்.பி.யிலிருந்து கணக்கு சொல்வார்கள். அதில் பெரிய பங்கு சலூன்காரருடையது, உங்களுடையது இல்லை. வாய்ப்பேச்சு வேண்டாம். ஒரு கலர் டியூப், ஒரு லிட்டர் டெவலப்பர், ஒரு ஷாம்பூ மூன்றுக்கும் உங்கள் பில் விலை, சலூன் விலை, எம்.ஆர்.பி. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எல்லாச் சரக்குக்கும் ஒரே மார்ஜின் இல்லை என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

அந்த 82,700 கையில் நிற்குமா?

நிற்காது. நான் சொன்ன லெட்டரையே எடுத்துக்கொள்வோம். மாத விற்பனை 6 லட்சம், கம்பெனிக்கு முன்பணம் கட்டித்தான் சரக்கு, டெபாசிட் 2 லட்சம், மார்ஜின் வாங்கின விலை மேல் 16.

ஸ்கீமுக்கு மேல் சலூன்காரர் பில்லில் கொஞ்சம் தட்டிக் கேட்பார். சராசரி 3 சதவீதம் போனால் 18,000. சேல்ஸ்மேன் சம்பளமும் பெட்ரோலும் 22,000. டெலிவரிக்கும் கோடவுனுக்கும் ஒரு ஆள் 12,000. கோடவுன் வாடகை 8,000. உடைந்தது, தேதி முடிந்தது, ஓடாத ஷேடு என்று 1 சதவீதம், அது 6,000. இதுவரைக்கும் எல்லோரும் எழுதிவிடுவார்கள்.

விட்டுப்போவது முடங்கிக் கிடக்கிற பணம். கோடவுனில் 45 நாள் சரக்கு என்றால் ஏழே முக்கால் லட்சம். சலூன்கள் சராசரியாக 40 நாளில் பணம் தருகின்றன என்று வைத்தால், வரியும் சேர்த்து வெளியே நிற்கிற பாக்கி ஒன்பதரை லட்சத்தை ஒட்டி வரும். டெபாசிட்டையும் கூட்டினால் மொத்தம் 19 லட்சம். மாதம் 1 வட்டி போட்டாலே 19,000. உங்கள் சொந்தப் பணமாக இருந்தாலும் இதை எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் வேறு எங்கே போட்டிருந்தாலும் அது ஏதாவது சம்பாதித்திருக்கும்.

கூட்டிப் பார்த்தால் செலவு 85,000. மார்ஜின் 82,700. மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் கை நஷ்டம். காலையிலிருந்து இரவு வரை நிற்கிற உங்களுக்குச் சம்பளம் என்று இதில் ஒரு பைசா எழுதவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஜிஎஸ்டியையும் மார்ஜினில் கழிக்கணுமா?

வேண்டாம். மார்ஜினை வரிக்கு முந்தின விலையில் பாருங்கள். ஆனால் கடனுக்குப் போடும் பில்லின் வரியை, சலூன்காரர் பணம் தருவதற்கு முன்பே நீங்கள் கட்டிவிடுகிறீர்கள். அதனால்தான் பாக்கியை வரியோடு எழுதினேன். 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பூவும் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயும் 5 சதவீதத்துக்கு வந்துவிட்டன. கலர் 18-லேயே இருக்கிறது. சலூன் தொழிலில் பெரும் பணம் கலரில்தான் என்பதால் உங்கள் பாக்கிக் கணக்கு பெரிதாகக் குறையாது.

டார்கெட் அடித்தால் 3 பெர்சென்ட் தனியாகத் தருகிறார்களாம். அது போனஸ் மாதிரிதானே சார்?

மேலே உள்ள கணக்கை ஒருமுறை திரும்பப் பாருங்கள். 6 லட்சம் விற்க நீங்கள் வாங்கியது சுமார் 5.17 லட்சம். அதில் 3 சதவீதம் 15,500. நஷ்டத்தைக் கழித்தால் சுமார் 13,000 மிஞ்சுகிறது. அதாவது இந்த டீலர்ஷிப்பில் உங்கள் வருமானம் என்று இருப்பதே அந்த 3 சதவீதம்தான். அதனால் மார்ஜினைப் பேசுவதை விட டார்கெட் வாசகத்தை ஒரு வார்த்தை விடாமல் படிப்பது முக்கியம்.

இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது, டார்கெட் பிரைமரியிலா செகண்டரியிலா? பிரைமரி என்றால் கம்பெனியிடம் நீங்கள் எடுத்த சரக்கு. செகண்டரி என்றால் நீங்கள் சலூனுக்கு விற்றது. பெரும்பாலும் பிரைமரிதான் எழுதியிருக்கும், கம்பெனிக்கு அன்றைக்கே விற்பனை முடிந்துவிடுகிறது இல்லையா. இரண்டாவது, 99 சதவீதம் வந்தால் என்ன கிடைக்கும்? நான் பார்த்த லெட்டரில் பூஜ்யம். 90 சதவீதத்துக்கு 2, 100-க்கு 3 என்று படிப்படியாக எழுதி வாங்குங்கள். இதைக் கேட்டால் பல ஏரியா மேனேஜர்கள் ஒப்புக்கொள்வார்கள். கேட்காதவருக்கு யாரும் தருவதில்லை.

கடைசி வாரத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சரக்கு எடுத்து டார்கெட்டை முடித்துவிடலாம் இல்லையா?

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். உங்களால் மூன்று மாதத்தில் விற்க முடிவது 15.5 லட்சச் சரக்கு, டார்கெட் 18 லட்சம் என்று வையுங்கள். இரண்டரை லட்சம் கூடுதலாக எடுத்தால் 54,000 இன்சென்டிவ் வருகிறது. எடுக்கத்தான் தோன்றும்.

அடுத்த காலாண்டு தொடங்கும்போதே இரண்டரை லட்சம் கோடவுனில் இருக்கிறது. மறுபடி 18 எடுத்து 15.5 விற்றால் மிச்சம் 5 லட்சம். அடுத்தது ஏழரை. வருட முடிவில் 10 லட்சம் ரூபாய்ச் சரக்கு கூடுதலாகக் கிடக்கும். இதற்குள் கம்பெனி உங்கள் 72 லட்சத்தைப் பார்த்து, அடுத்த வருடத்துக்கு அதன் மேல் 15 சதவீதம் கூட்டிவிடும். நீங்கள் விற்காத சரக்கே உங்கள் டார்கெட்டை ஏற்றிவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணக்கு வேண்டாம். மாதக் கடைசியில் கோடவுனில் உள்ள சரக்கின் மதிப்பை, ஒரு நாளில் விற்கிற சரக்கின் வாங்கின விலையால் வகுங்கள். 45 நாளாக இருந்தது 60, 75 என்று ஏறினால் நீங்கள் வாங்குகிறீர்கள், விற்கவில்லை. ஒப்பந்தத்திலேயே 45 நாளுக்கு மேல் கையிருப்பு இருந்தால் புதுச் சரக்கு அனுப்பக் கூடாது, அந்த அளவுக்கு டார்கெட்டும் குறைய வேண்டும் என்று ஒரு வரி கேட்டுப் பாருங்கள்.

சரி, இங்கே மாதம் 6 லட்சம் ஓடுமா ஓடாதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கம்பெனி மக்கள்தொகையை வைத்துச் சொல்லும். நீங்கள் கையெழுத்துக்கு முன் இரண்டு வாரம் பைக்கில் சுற்றுங்கள். காந்தி நகர், காட்பாடி, சத்துவாச்சாரி, தோட்டப்பாளையம், பாகாயம், அப்புறம் ஆற்காடு, ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி. ஆண்கள் சலூன் பல இடங்களில் செவ்வாய்க்கிழமை லீவு, அன்றைக்கு லேடீஸ் பார்லர்களைப் பாருங்கள்.

உள்ளே போனதும் போர்டைப் பார்க்காதீர்கள், குப்பைக் கூடையைப் பாருங்கள். காலி கலர் டியூப் எத்தனை, எந்தப் பிராண்டு, எந்த ஷேடு என்று அது சொல்லிவிடும். அலமாரியில் அழகாக அடுக்கியிருப்பது பல சமயம் யாரோ ஸ்கீமில் தள்ளிவிட்டுப் போன சரக்கு.

நான் போட்ட கணக்கு இப்படி வந்தது. மாதம் 15,000-க்கு வாங்கக்கூடிய பெரிய கடைகள் 12, அது 1.8 லட்சம். 5,000-க்கு வாங்குபவை 40, அது 2 லட்சம். 2,000-க்கு வாங்குபவை 110, அது 2.2 லட்சம். மொத்தம் 6 லட்சம். ஆனால் இது இந்தப் பிராண்டு ஊருக்குள் நன்றாக ஊன்றின பிறகு வரும் எண். ஒரு கடை பிராண்டு மாற வேண்டுமென்றால் டியூப், டெவலப்பர் இரண்டையும் மாற்ற வேண்டும், வேலை செய்கிற பையன்களின் கையும் அந்தக் கலவைக்குப் பழக வேண்டும். அதற்கு கம்பெனி டெக்னீஷியன் மாதம் எத்தனை நாள் வேலூருக்கு வருவார் என்று எழுதி வாங்குங்கள். டெக்னீஷியன் வராத பிராண்டை நீங்கள் தலைகீழாக நின்றாலும் பெரிய கடைக்குள் ஏற்ற முடியாது.

மாதா மாதம் ஒரே டார்கெட் போட்டிருக்கிறார்களே?

ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியிலும் இல்லை. ஜூலை முதல் செப்டம்பர் வரை உள்ள காலாண்டில் ஆடியும் இருக்கிறது, புரட்டாசித் தொடக்கமும் இருக்கிறது. நடுவில் ஆவணி ஒன்றுதான் தாங்கும். வெளிமாநிலத்தில் உட்கார்ந்து டார்கெட் போடுபவருக்கு இது தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு லைனில் ரம்ஜானுக்கு முந்தின இரண்டு வாரம்தான் பெரிய விற்பனை. ரம்ஜான் வருடத்துக்குச் சுமார் 11 நாள் முன்னால் வரும். 2024-ல் ஏப்ரல் 11, 2025-ல் மார்ச் 31. அதாவது ஏப்ரலில் விழுந்த விற்பனையும் மார்ச்சுக்குப் போய்விட்டது, காலாண்டே மாறிவிட்டது. போன வருட ஏப்ரலை வைத்து இந்த வருட ஏப்ரலுக்குப் போடுகிற டார்கெட்டை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் ஆர்டரிலேயே எல்லா ஷேடும் எடுக்கணும் என்கிறார்கள். எடுக்கலாமா?

குறைத்துக் கேளுங்கள். கலர் டியூபில் 1 என்றால் கறுப்பு, எண் ஏற ஏற வெளுப்பு, 10 மிக வெளிர் பொன்னிறம். நம் ஊரில் நரை மறைக்கத்தான் பெரும்பாலும் கலர் போடுகிறார்கள். 1, 3, 4, 5, பர்கண்டி வகைகள் ஓடும். 8, 9, 10 எல்லாம் விஐடி பிள்ளைகள் வருகிற காட்பாடிக் கடைகள் சிலவற்றில்தான். முழு ரேஞ்ச் எடுத்தால் பாதி டியூப் தூசி படியும். ஆறு மாதத்தில் ஓடாத ஷேடை ஓடுகிற ஷேடுக்கு மாற்றித் தருவோம் என்று எழுதித் தரட்டும், அப்போது எடுங்கள்.

டெவலப்பரில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். அதில் இருப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. 10 வால்யூம் என்றால் 3 சதவீதம், 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. சூட்டில் அது சிதைந்து ஆக்சிஜனை விடும். ஒரு மே மாதம், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மேல் தட்டில் வைத்திருந்த லிட்டர் பாட்டில்கள் வயிறு ஊதி நின்றதைப் பார்த்தேன். மூடியைத் திருகியதும் சோடா பாட்டில் போல உஸ்ஸென்று காற்று வந்தது. அந்த டெவலப்பரைப் போட்ட கடையில் நரை சரியாக மறையவில்லை என்று புகார். கம்பெனிக்குக் கிளெய்ம் போட்டேன். வைத்த இடம் சரியில்லை என்று திருப்பிவிட்டார்கள், அது நியாயம்தான். வேலூர் வெயிலுக்குக் கான்கிரீட் கூரை உள்ள கோடவுன்தான் சரிப்படும். மேலே சொன்ன 8,000 வாடகையை இதனால்தான் குறைத்துப் போடவில்லை.

வேலூர் மாவட்டம் முழுக்க எனக்கு மட்டும்தான் என்கிறார்கள். அதை நம்பிக் கையெழுத்துப் போடலாமா?

எந்த வேலூர் மாவட்டம்? 2019-ல் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. இன்றைய வேலூர் மாவட்டத்தில் வேலூர், காட்பாடி, அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், பேரணாம்பட்டு தாலுகாக்கள்தான். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டைக்குப் போய்விட்டன. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்குப் போய்விட்டன. பழைய ஆட்கள் இன்னும் வட ஆற்காடு என்று சொல்லும்போது ஆரணி, செய்யாறு வரைக்கும் நினைக்கிறார்கள். அவை 1989-லேயே திருவண்ணாமலைப் பக்கம் போனவை.

டார்கெட் போடும்போது கம்பெனி பழைய பெரிய மாவட்டத்தை நினைக்கும். ஏரியா எழுதும்போது வெறும் வேலூர் என்று எழுதும். நாளைக்கு ஆம்பூரில் இன்னொரு டீலர் வந்தால் நீங்கள் ஒன்றும் பேச முடியாது, லெட்டரில் அப்படித்தானே இருக்கிறது. அதனால் மாவட்டப் பெயர் வேண்டாம், தாலுகா தாலுகாவாக எழுதச் சொல்லுங்கள். எந்தத் தாலுகாவை எடுத்தாலும் அந்த அளவுக்கு டார்கெட்டும் குறையும் என்ற வரியும் கூடவே வேண்டும்.

இன்னொன்று, விதிவிலக்குகள். செயின் சலூன்களுக்கும் அகாடமிகளுக்கும் கம்பெனியே நேராகப் போடும் என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும். 15,000 ரூபாய்க் கடைகள் 12 என்று எண்ணினோமே, அதில் 4 செயின் கடை என்றால் 60,000 போச்சு. டார்கெட்டில் அது கழிந்ததா என்று பாருங்கள்.

ஏரியா எழுதிக் கொடுத்த பிறகும் சென்னையிலிருந்து குறைந்த விலையில் சரக்கு வருகிறதே, ஏன்?

காரணம் கடைசி வார டார்கெட்தான். வேறு ஊர் டீலர் ஒருவர் இரண்டரை லட்சம் கூடுதலாக எடுத்து, அதை வாங்கின விலைக்கும் 5 சதவீதம் கீழே மொத்த வியாபாரியிடம் தள்ளிவிடுகிறார். அவருக்கு 12,500 நஷ்டம், ஆனால் இன்சென்டிவ் 54,000 வந்துவிடும். 95-க்கு வாங்கிய மொத்த வியாபாரி 100-க்கு அரக்கோணம் கடையில் போடுகிறார். அதே சரக்கு உங்களிடம் 116. கடைக்காரர் உங்களைத் திருடன் மாதிரி பார்ப்பார். நீங்கள் விலையை இறக்கினால் மார்ஜின் போச்சு, இறக்காவிட்டால் டார்கெட் போச்சு.

ஒப்பந்தம் உங்களையும் கம்பெனியையும்தான் கட்டுப்படுத்தும். அசல் சரக்கைப் பில்லோடு வாங்கி விற்கிற மொத்த வியாபாரியை நீங்கள் தடுக்க முடியாது. தடுக்க வேண்டியது கம்பெனி. அதற்குச் சாட்சி அட்டைப்பெட்டியில் இருக்கிற பேட்ச் எண். வெளிச் சரக்கைக் கண்டால் பெட்டி, டியூப் மடிப்பில் அச்சடித்த பேட்ச் எண், கடைக்காரர் வாங்கிய பில் மூன்றையும் படம் எடுங்கள். அந்த பேட்ச் எந்த டீலருக்குப் போனது என்று பார்க்க கம்பெனியிடம் வழி இருக்கும். நான் ஒரு முறை இப்படி அனுப்பி இரண்டு மாதம் காத்திருந்தேன், பதில் இல்லை. அந்தச் சரக்கு போனது அவர்களுடைய பெரிய டீலர் ஒருவர் மூலமாக என்று பிற்பாடு தெரிந்தது. அதிலிருந்து நான் கேட்கிற வரி இது: பேட்ச் எண்ணோடு புகார் கொடுத்து 30 நாளில் நடவடிக்கை இல்லையென்றால் அந்தக் காலாண்டு இன்சென்டிவ் டார்கெட்டைப் பார்க்காமல் கிடைக்க வேண்டும். முழுதாகக் கொடுக்கவில்லை, 90 சதவீதம் அடித்தால் போதும் என்று இறங்கி வந்தார்கள்.

ஆன்லைனில் இன்னும் குறைவாக விற்கிறதே?

ஷாம்பூ, சீரம் போன்றவற்றில் அது உண்மை, அந்த வியாபாரத்தில் கொஞ்சம் போகும். கலரில் அவ்வளவு போகாது. சனிக்கிழமை மாலை கஸ்டமரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு 4 நம்பர் டியூப் தீர்ந்துபோச்சு என்று போன் வரும். அரை மணியில் கொண்டுபோய்க் கொடுக்க உள்ளூர் டீலரால்தான் முடியும். கடனும் ஆன்லைனில் கிடைக்காது.

ஸ்கீம் பணத்தை முதலில் நாம் கொடுத்துவிட்டு அப்புறம் கிளெய்ம் போடணுமாம். பயமில்லையா?

இருக்கிறது. பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்று நீங்கள் உங்கள் சரக்கிலிருந்து கொடுத்துவிட்டு, கிரெடிட் நோட்டுக்குக் காத்திருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஸ்கீமைக் கொடுக்காதீர்கள், மெயிலில் வந்தால் மட்டும் கொடுங்கள். 45 நாளில் கிரெடிட் நோட் வராவிட்டால் அடுத்த பில்லில் கழித்துக்கட்டுவேன் என்று முன்பே சொல்லிவிடுங்கள். வராத கிளெய்மையும் அந்த 19 லட்சத்தோடு கூட்டித்தான் வட்டி பார்க்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன்னால் வேறு யாரையாவது பார்க்கணுமா?

பழைய டீலரை. நேரில் போய் அவர் வைத்திருக்கிற கடைசி ஸ்டாக் லிஸ்டைக் காட்டச் சொல்லுங்கள். டெபாசிட் திரும்பி வந்ததா, எத்தனை மாதம் ஆனது, மிச்சச் சரக்கை என்ன விலைக்குத் திருப்பி எடுத்தார்கள், கிளெய்ம் எவ்வளவு நிற்கிறது என்று கேளுங்கள். அவரிடம் இன்னும் நாலைந்து லட்சம் சரக்கு இருந்தால் அதை அவர் உங்கள் ஏரியாவில்தான் கழிப்பார், உங்கள் முதல் காலாண்டு அதோடு சரி. கம்பெனி அதைத் திருப்பி எடுத்த பிறகு பேச்சைத் தொடங்குங்கள். விலகும்போது உங்கள் சரக்கைத் திருப்பி எடுக்கும் விலையும் நாளும் லெட்டரில் இல்லாவிட்டால், டெபாசிட் செக்கை எழுதாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.